ஓடைகள் இணைகோடாக ஓடினால் அடியில் மடிந்த பாறை என்று சொல்லிவிடலாமா?

மண்திட்டு | மார்ச் 4, காலை

நேராகக் கேள்விக்கு வருகிறேன். 30 மீட்டர் SRTM உயரத் தரவை இறக்கி, பள்ளங்களை நிரப்பி, ஓடைகளைப் பிரித்தெடுத்தேன். ஓடை தொடங்கத் தேவையான நீர்ப்பிடிப்பு வரம்பு 1000 கட்டங்கள். படத்தின் நடுப்பகுதியில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீளமான ஓடைகள் வரிசையாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. துணை ஓடைகள் செங்குத்தாக வந்து சேருகின்றன. இது டிரெல்லிஸ் வடிவம்தான், அப்படியானால் அடியில் கடினப் பாறையும் மென்பாறையும் மாறி மாறி மடிந்து கிடக்க வேண்டும். ஆனால் நிலவியல் வரைபடம் அந்த இடம் முழுக்க வண்டல் என்கிறது. வரைபடம் பழையது. தவறாகப் போட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நெடுங்கரை | மார்ச் 4, மதியம்

டிரெல்லிஸ் என்றாலே மடிப்பு மலைதான், அதில் சந்தேகமே வேண்டாம். மரக்கிளை வடிவம் என்றால் கிடைமட்டப் படிவுப் பாறை, ஆர வடிவம் என்றால் எரிமலை. மூன்றும் மூன்று முத்திரை. வண்டலுக்கு அடியில் மடிப்பு புதைந்திருக்கலாமே, வரைபடம் மேலே இருப்பதைத்தானே காட்டும்?

கல்தச்சன் | மார்ச் 4, இரவு

மண்திட்டு, பாறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அந்த நடுப்பகுதியில் உயர வித்தியாசம் எவ்வளவு? கோடுகள் சரியாக 45 பாகையில் ஓடுகின்றனவா, இல்லை 38, 52 என்று ஏதோ ஒரு கோணத்திலா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான ஓடைப் பிரிப்பு முறையில் ஒவ்வொரு கட்டமும் தன் தண்ணீரைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் ஒன்றுக்கு மட்டும்தான் தரும். எட்டுத் திசைதான் உண்டு, எல்லாமே 45-இன் மடங்கு. நிலம் நல்ல சரிவாக இருந்தால் இது தெரியாது, ஓடை வளைந்து நெளிந்து போய்ச் சேர்ந்துவிடும். நிலம் தட்டையாக இருந்தால், அதிலும் பள்ளத்தை நிரப்பிய பிறகு, பரப்பு முழுக்க ஒரே உயரமாகிவிடும். தண்ணீருக்கு எங்கே போவது என்று சொல்ல அங்கே எந்தத் தகவலும் இல்லை. ஆனாலும் நிரல் ஒரு திசையைக் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது வருவதுதான் இந்தக் கோடு போட்ட ஓடைகள். இணையாக ஓடும், செங்குத்தாகச் சேரும், பார்க்க அச்சு அசலாக டிரெல்லிஸ் போலவே இருக்கும்.

கல்தச்சன் | மார்ச் 4, இரவு, சற்றுப் பிறகு

சோதிக்க வழி சொல்லாமல் விட்டேன். நிரப்பிய தரவிலிருந்து நிரப்பாததைக் கழித்துப் பாருங்கள். கழித்த படத்தில் பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கும் இடமெல்லாம் நிரல் ஊற்றி நிரப்பிய இடம். உங்கள் நேர்கோட்டு ஓடைகள் அதற்குள்ளேயே அடங்கினால் பாறையைத் தேடிப் போக வேண்டாம். இன்னொன்று, தரவை 30 பாகை சுழற்றி மறுபடி ஓட்டுங்கள். உண்மையான பள்ளத்தாக்கு தரவோடு சேர்ந்து சுழலும். பொய்யான கோடு சுழலாது, புதுக் கட்டத்துக்கு 45 பாகையிலேயே நிற்கும்.

GRASS மென்பொருள் இருந்தால் நிரப்பாமலேயே செய்யலாம்:

```
r.watershed elevation=dem threshold=1000 stream=odai drainage=thisai
```

இது பள்ளத்தை நிரப்பாது, அதைத் தாண்டி வெளியேற மிகக் குறைந்த தடையுள்ள வழியைத் தேடும். அதற்காகத் தட்டையான இடத்தில் இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நிரப்பியதை விடப் பரவாயில்லை, அவ்வளவுதான்.

மண்திட்டு | மார்ச் 6

கழித்துப் பார்த்தேன். நடுப்பகுதி முழுக்க நிரப்பிய இடம்தான். உயர வித்தியாசம் 4 மீட்டர்கூட இல்லை. சுழற்றிப் பார்க்க நேரமில்லை, இதுவே போதும் என்று நினைக்கிறேன். நிலவியல் வரைபடம் சரி.

ஆனால் படத்தின் வடமேற்கு ஓரத்தில் ஒரு மலை வரிசை இருக்கிறது. அங்கே நிரப்பியது எதுவும் இல்லை. அங்கேயும் ஓடைகள் இணையாகத்தான் ஓடுகின்றன, கோணம் 60 பாகை சுமார். அது?

நெடுங்கரை | மார்ச் 6

அது நான் சொன்ன மாதிரி மடிப்புதான். 45-இல் இல்லை பாருங்கள்.

கல்தச்சன் | மார்ச் 7

அந்த ஓரம் உண்மையான வடிவமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் "மடிப்பு" என்பதற்கு ஒரு படி முன்னால் நிற்போம். டிரெல்லிஸ் நேரடியாகச் சொல்வது ஒன்றைத்தான்: அரிப்பைத் தாங்கும் பாறையும் தாங்காத பாறையும் பட்டை பட்டையாக மாறி மாறி மேற்பரப்பில் வெளிப்பட்டிருக்கின்றன. மென்பட்டையில் நீண்ட ஓடை, கடினப் பட்டை முகடாக நிற்கிறது, முகட்டின் இரு பக்கமிருந்தும் குட்டை ஓடைகள் இறங்குகின்றன. அடுக்குகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தாலும் இதே வடிவம் வரும். மடிப்பே வேண்டாம். மடிப்பு என்று சொல்ல வேண்டுமானால் பட்டைகளின் வரிசை கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பி வர வேண்டும்.

ஓர் இடத்தை எடுத்துப் பார்ப்போம். பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் நகரத்துக்கு வடக்கே சஸ்குஹானா ஆறு தெற்கு நோக்கி வருகிறது. மலை முகடுகளோ கிழக்கு-வடகிழக்காக நீண்டு கிடக்கின்றன. வரைபடத்தில் டாஃபின் என்ற சிற்றூரைத் தேடுங்கள். ஸ்டோனி கிரீக், கிளார்க்ஸ் கிரீக் என்று இரண்டு ஓடைகள் கிழக்கிலிருந்து வந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆற்றில் சேருகின்றன. இரண்டும் 30 கிலோமீட்டருக்கு மேல் ஏறக்குறைய நேராக, இணையாக, முகடுகளுக்கு நடுவே இடுங்கிய பள்ளத்தாக்கில் ஓடி வந்து பேராற்றில் செங்குத்தாக விழுகின்றன.

இப்போது தெற்கிலிருந்து வடக்காக நடந்தால் பாறை இப்படி வரும். செகண்ட் மவுண்டன் முகட்டில் பொகோனோ மணற்கல். அதைத் தாண்டி ஸ்டோனி கிரீக் பள்ளத்தாக்கில் மாக் சங்க் என்ற சிவப்புக் களிப்பாறை. நடு முகட்டில் பாட்ஸ்வில் கூழாங்கற் பாறை. அடுத்து கிளார்க்ஸ் கிரீக்கில் மறுபடியும் அதே சிவப்புக் களிப்பாறை. கடைசியில் பீட்டர்ஸ் மவுண்டனில் மறுபடியும் பொகோனோ. வரிசை நடுவிலிருந்து திரும்பிவிட்டது பாருங்கள். பாட்ஸ்வில்தான் இவற்றில் இளையது, அது நடுவில் இருக்கிறது. ஆகவே இது கீழ்நோக்கிக் குழிந்த மடிப்பு. இந்த முடிவை ஓடைகளின் கோடு மட்டும் தராது. கோடு சொல்வது "இங்கே இரண்டு மென்பட்டை, மூன்று கடினப் பட்டை" என்பது வரைதான். மடிப்பு என்பதும் எந்தப் பக்கம் வளைந்த மடிப்பு என்பதும் பாறையைப் பார்த்த பிறகே வரும்.

வைகறை | மார்ச் 7, இரவு

சார், அப்போ கோட்டை வைத்து அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்றாவது கண்டுபிடிக்க முடியுமா? எங்களுக்குத் தேர்வில் படத்தை மட்டும் கொடுப்பார்கள், பாறை விவரம் இருக்காது.

கல்தச்சன் | மார்ச் 8

வைகறை, பெரும்பாலும் முடியும். முகட்டின் இரு பக்கத்துக் குட்டை ஓடைகளை அளந்து பாருங்கள். அடுக்கு சாயும் பக்கத்தில் சரிவு அடுக்கின் முதுகிலேயே இறங்கும், ஆகவே மென்மையாக, நீளமாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அடுக்குகள் வெட்டுண்டு முடியும், சரிவு செங்குத்தாகி ஓடைகள் குட்டையாகும்.

கணக்காகவே பாருங்கள். முகடு பள்ளத்தாக்கிலிருந்து 250 மீட்டர் உயரம், அடுக்கு 20 பாகை சாய்வு என்று வைத்துக்கொள்வோம். முதுகுப் பக்கத்தின் கிடைமட்ட நீளம் 250-ஐ tan 20-ஆல் வகுத்தால் சுமார் 690 மீட்டர். வெட்டுப் பக்கம் 35 பாகைச் சரிவில் நின்றால் சுமார் 360 மீட்டர். ஏறத்தாழ இரண்டு மடங்கு, வரைபடத்தில் கண்ணாலேயே தெரியும். 30 மீட்டர் தரவில் 23 கட்டம் ஒரு பக்கம், 12 கட்டம் இன்னொரு பக்கம்.

ஆனால் சாய்வு 60, 70 பாகை என்றால் இந்த வித்தை பலிக்காது. அவ்வளவு செங்குத்தாக அந்த முதுகு நெடுநாள் நிற்காது, உதிர்ந்து இரண்டு பக்கமும் 30 பாகைச் சுமாருக்கு வந்துவிடும். ஓடைகளும் இரு பக்கமும் ஒரே நீளமாகிவிடும். மேலே சொன்ன செகண்ட் மவுண்டன் அப்படித்தான், அடுக்குகள் செங்குத்தை ஒட்டி நிற்கின்றன. எனவே இரு பக்கமும் சமமாக இருந்தால் "அடுக்கு கிடைமட்டம்" என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்கு நேர்மாறு.

மண்திட்டு | மார்ச் 8

என் வடமேற்கு ஓரத்தில் குட்டை ஓடைகளே வரவில்லை. நீளமானவை மட்டும்தான் இருக்கின்றன. வரம்பை 5000 ஆக்கியிருந்தேன், படம் குழப்பமாக இருக்கிறது என்று.

கல்தச்சன் | மார்ச் 8

அதனால்தான். 30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர். 5000 கட்டம் என்றால் 4.5 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு இருந்தால்தான் ஓடை தொடங்கும். முகட்டுச் சரிவில் இறங்கும் குட்டை ஓடைகளுக்கு அவ்வளவு நிலம் ஒருபோதும் கிடைக்காது. அவை போனால் எஞ்சுவது வெறும் இணைகோடு. அதைப் பார்ப்பவர் "செங்குத்துச் சரிவில் ஓடும் இணை வடிவம்" என்பார், பாறை வேறுபாட்டையே பேசமாட்டார். வரம்பை 200, 300-க்கு இறக்கி ஒரு முறை, 1000-இல் ஒரு முறை எடுத்து இரண்டையும் அருகருகே வையுங்கள்.

நெடுங்கரை | மார்ச் 9

சரி, டிரெல்லிஸ் விஷயத்தில் பட்டைகள் முக்கியம் என்பதை ஏற்கிறேன். ஆனால் மரக்கிளை வடிவம் கிடைமட்டப் படிவுப் பாறை என்பது தவறா? எல்லா நூலிலும் அதுதானே இருக்கிறது.

கல்தச்சன் | மார்ச் 9

பாதி சரி. கிடைமட்ட அடுக்கில் ஓடை பார்ப்பது ஒரே பாறையின் மேற்பரப்பை, அதனால் எந்தப் பக்கமும் சலுகை இல்லை, கிளை எல்லாத் திசையிலும் வளர்கிறது. ஆனால் விரிசல் அதிகம் இல்லாத கிரானைட்டிலும் இதே நிலைதான், மரக்கிளைதான் வரும். காற்று கொண்டுவந்த வண்டலிலும், அலை வடிந்த சேற்றுப் பரப்பிலும் வரும். அது சொல்வது "ஓடைக்குத் திசை காட்டும் எதுவும் இங்கே இல்லை" என்பதுதான். பாறையின் பெயர் அதில் கிடையாது. அதே கிரானைட்டில் விரிசல்கள் இரண்டு திசையில் ஆழமாக ஓடினால் ஓடைகள் செங்கோணத்தில் மடங்கி மடங்கிப் போகும். பாறை மாறவில்லை, வடிவம் மாறிவிட்டது.

எமிலி செர்னிட்ஸ் 1932-இல் இந்த வடிவங்களை ஒழுங்குபடுத்தி எழுதியதிலிருந்தே, பாறையின் பெயரைவிட அமைப்பும் சரிவும்தான் பேச்சு. சரிவு கூடினால் மரக்கிளை நீண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து இணை வடிவத்தை நோக்கிப் போகும், சேரும் கோணம் குறுகும்.

நீர்வரை | மார்ச் 9

கோணம் என்றதும் ஒன்று. சேரும் கோணத்தைச் சரிவோடு மட்டும் கட்ட முடியாது. 2017-இல் செய்போல்ட், ராத்மன், கிர்ச்னர் மூவரும் அமெரிக்கா முழுக்க ஓடைச் சந்திப்புகளை அளந்து காட்டியது: வறண்ட பகுதியில் சராசரி 45 பாகையை ஒட்டி, ஈரமான பகுதியில் 72-ஐ ஒட்டி. நிலத்தடி நீர் கசிந்து ஓடையை வளர்க்கும் இடத்தில் 72 வரும் என்று கோட்பாடும் சொல்கிறது. அப்போ குறுகிய கோணத்தைப் பார்த்து "செங்குத்துச் சரிவு" என்று நீங்கள் சொல்வதை, "வறண்ட நிலம்" என்று நான் சொல்லலாமே?

கல்தச்சன் | மார்ச் 10

சொல்லலாம். ஆனால் அவை பெருந்திரளான சந்திப்புகளின் சராசரி. ஒரு சந்திப்பில் 50 பாகை அளந்துவிட்டு வறட்சி என்றோ சரிவு என்றோ யாரும் சொல்ல முடியாது. ஒரே மழை பெறும் ஒரு சிறு பரப்புக்குள் கோணம் இடத்துக்கு இடம் மாறினால் சரிவையும் பாறையையும் சந்தேகிப்பேன். இரண்டு தூர தேசங்களை ஒப்பிடும்போது உங்கள் வாதம் வலுவானது.

நீர்வரை | மார்ச் 10

சிறு பரப்பிலும் ஒரு சரிவு வெயில் பக்கம், மறு சரிவு நிழல் பக்கம் என்று ஈரம் மாறும். நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

வைகறை | மார்ச் 11

ஆர வடிவம் எரிமலை என்பதாவது சரியா சார்?

கல்தச்சன் | மார்ச் 12

எரிமலையில் வரும், எரிமலையில் மட்டும் வராது. நியூசிலாந்தின் டாரனாக்கி சுத்தமான எடுத்துக்காட்டு. 2518 மீட்டர், தனியாக நிற்கும் கூம்பு, சுற்றிலும் ஓடைகள் எல்லாத் திசையிலும் இறங்குகின்றன. அங்கே ஆர வடிவம் சொல்வது சரிவை மட்டும்தான், மேடு ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் இறங்குகிறது என்பதை.

அடுத்து தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸைப் பாருங்கள். எரிமலைக் கூம்பு அல்ல, நிலம் குவிமாடமாக உயர்ந்து மேலடுக்குகள் அரித்துப் போனது. நடுவில் பழைய கிரானைட்டும் சிஸ்ட்டும், அதைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வளையம், அதற்கு வெளியே சிவப்புக் களிப்பாறை வளையம், கடைசியாக மணற்கல் முகடு. கிழக்குப் பக்கத்து ஓடைகள் நடுவிலிருந்து வெளியே போகின்றன. ரேபிட் கிரீக் மணற்கல் முகட்டை அறுத்துக்கொண்டு போகும் இடைவெளியில்தான் ரேபிட் சிட்டி இருக்கிறது. சிவப்புக் களிப்பாறை வளையம் பள்ளத்தாக்காகி மலையைச் சுற்றி வருகிறது. அதில் ஆங்காங்கே ஓடைத் துண்டுகள் வளைவாக ஓடுகின்றன. ஒரே ஓடை சுற்றி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், குறுக்கே போகும் ஓடைகள் அதைத் துண்டுபோட்டுவிடும்.

வேறுபாடு அந்த வளைவுத் துண்டுகளில்தான். ஆர வடிவமும் வளையத் துண்டும் சேர்ந்து வந்தால் அடியில் அடுக்குகள் இருக்கின்றன, அவை அரிக்கப்பட்டு வளையங்களாக வெளிப்பட்டிருக்கின்றன. வெறும் ஆரம் என்றால் இளம் கூம்பாக இருக்கலாம், அல்லது இன்னும் மேலடுக்கு அரிபடாத குவிமாடமாக இருக்கலாம், படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் குறையுமா என்று கேட்காதீர்கள், அது திருத்துபவரைப் பொறுத்தது.

இன்னொன்று. பிளாக் ஹில்ஸ் ஓடைகள் பல சுண்ணாம்புக்கல் வளையத்தைக் கடக்கும்போது தண்ணீரை இழக்கின்றன, சில முழுக்கக் காய்ந்தும் போகின்றன. உயரத் தரவிலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது, கோடு தொடர்ந்து ஓடும். ஓடையின் கோடும் ஓடும் தண்ணீரும் ஒன்றல்ல.

குன்றடி | மார்ச் 13

இடையில் நுழைகிறேன், என் கேள்வி கொஞ்சம் வேறு. சஸ்குஹானா முகடுகளைக் குறுக்கே அறுக்கிறது என்றீர்கள். நான் மலை ஏறும்போது முகட்டில் அதே மாதிரி ஓர் இடைவெளியைக் கண்டேன். ஆனால் அதில் ஓடையே இல்லை, காய்ந்த கணவாய், புல் முளைத்திருந்தது. ஓடை இல்லாமல் முகடு எப்படி அறுபட்டது? நிலநடுக்கப் பிளவு என்று உடன் வந்தவர் சொன்னார்.

நெடுங்கரை | மார்ச் 13

பிளவாகத்தான் இருக்கும். சஸ்குஹானாவும் பிளவு வழியாகத்தான் போயிருக்க வேண்டும், கடினப் பாறையை ஆறு சும்மா எப்படி அறுக்கும்?

கல்தச்சன் | மார்ச் 14

சஸ்குஹானா விஷயத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை ஓய்ந்தபாடில்லை. டேவிஸ் 1889-இல் ஆறுகளின் பழைய வரலாற்றை வைத்து ஒரு விளக்கம் சொன்னார். ஜான்சன் 1931-இல், மேலே கடற்படிவு மூடியிருந்தது, ஆறு அதன் மேல் ஓடி அப்படியே கீழே இறங்கி முகடுகளை அறுத்தது என்றார். மூடிய படிவு அவ்வளவு உள்ளே வரை வந்ததற்கு ஆதாரம் எங்கே என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். விரிசல் மிகுந்த இடத்தில் முகடு எளிதாக அறுபட்டது என்பதும் சில இடைவெளிகளுக்குப் பொருந்துகிறது. எனவே நெடுங்கரை சொல்வதைத் தள்ளிவிட முடியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே விடை என்றும் சொல்ல முடியாது.

குன்றடி, உங்கள் காய்ந்த கணவாய்க்கு இன்னொரு வழி உண்டு. முன்பு அங்கே ஓடை குறுக்கே ஓடியிருக்கும். பக்கத்து மென்பட்டையில் ஓர் ஓடை பின்னோக்கி அரித்து வந்து அதன் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். டிரெல்லிஸ் வளர்வதே பெரும்பாலும் இப்படித்தான், மென்பட்டை ஓடை தலைப்பக்கம் நீண்டு நீண்டு மற்றவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பார்க்க வேண்டியது இரண்டு. கணவாய்க்கு நேர் எதிரே பள்ளத்தாக்கில் ஏதாவது ஓடை வந்து திடீரென்று செங்கோணத்தில் திரும்புகிறதா? கணவாயின் தரையில் உருண்டை கற்கள் கிடக்கின்றனவா, அவை முகட்டுப் பாறையா அல்லது வேறா?

குன்றடி | மார்ச் 16

வரைபடத்தைப் பார்த்தேன். கணவாய்க்கு எதிரே ஓர் ஓடை வந்து மடங்குகிறது, நான் அதைக் கவனித்ததே இல்லை. கற்கள் பற்றி: வெள்ளைக் குவார்ட்ஸ் உருண்டைகள் கிடந்தன, ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன், கோழி முட்டை அளவு, வழுவழுப்பு. முகடு பழுப்பு மணற்கல்.

கல்தச்சன் | மார்ச் 16

நல்ல அறிகுறி. ஆனால் மணற்கல்லுக்குள்ளேயே குவார்ட்ஸ் கூழாங்கல் பட்டை இருந்தால் அது உதிர்ந்தும் அப்படிக் கிடக்கும், அப்போது ஓடைக்கு ஆதாரம் ஆகாது. முகட்டுப் பாறையில் கூழாங்கல் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், மடங்கும் ஓடையின் மேல்பக்கம் குவார்ட்ஸ் நரம்பு எங்காவது வெளிப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். கணவாயின் தரைக்கும் இப்போதைய ஓடைத் தரைக்கும் உயர வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடிபட்ட பிறகு ஓடை எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறது என்று அது சொல்லும்.

மண்திட்டு | மார்ச் 17

வரம்பை 300-க்கு இறக்கினேன். குட்டை ஓடைகள் வந்துவிட்டன. வடக்குப் பக்கம் உள்ளவை தெற்குப் பக்கத்தைவிடத் தெளிவாக நீளம், சில இடத்தில் இரு மடங்குக்கு மேல். அடுக்கு வடக்கே சாய்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். முகடு ஒன்றுதான், பட்டை திரும்பி வரவில்லை, அதனால் மடிப்பு என்று எழுதவில்லை.

நெடுங்கரை | மார்ச் 17

படத்துக்கு வெளியே வடக்கே பாருங்கள், இன்னொரு முகடு இருந்தால் அதன் குட்டை ஓடைகள் எந்தப் பக்கம் நீளம் என்று. தெற்கே நீளமாக இருந்தால் நான் சொன்ன மடிப்பு இருக்கிறது.

கல்தச்சன் | மார்ச் 17

அது சரியான சோதனை. அடுத்த தரவுத் துண்டையும் இறக்குங்கள், மண்திட்டு. இரண்டையும் ஒட்டிய பிறகு ஓடைகளை மறுபடி எடுங்கள். தனித்தனியாக எடுத்து ஒட்டினால் எல்லையில் ஓடைகள் அறுந்து நிற்கும்.